அரிசி கழுவும் நேரத்தில் சொன்ன சொல்

நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளும் ஞாயிற்றுக்கிழமை அது. நாள்களைக் குழப்பிக்கொள்வது என் வழக்கமில்லை. இந்த நாளைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. சமையலறைச் சுவர்க்கடிகாரத்தை மாற்றுவதற்காகக் கதிரையில் ஏறி நின்றபோதுதான் மேல்வீட்டு அம்மா கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்ததும் நான் பார்த்தது அவருடைய கைகளை. இரண்டும் வெறுமையாக இருந்தன.

மொன்றியலின் லாசால் பகுதியில் நாங்கள் இருக்கும் இரண்டு மாடி வீட்டின் மேல்தளத்தில் அந்த ஜப்பானியத் தம்பதி எங்களுக்கு முன்பிருந்தே குடியிருக்கிறார்கள். கணவர் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வரைபடக்காரராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா தையல் வேலை செய்தவர். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் இல்லை. நாங்கள் குடிவந்த ஜூலை முதலாம் திகதி, நகரமே வீடு மாறும் அந்த நாளில், அந்த அம்மா ஒரு சிறு பாத்திரத்தில் வெள்ளரிக்காய் ஊறுகாய் கொண்டுவந்து தந்தார். நான் அதில் வடை வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பாத்திரம் இன்றுவரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவையும் காலியாகப் போனதில்லை. பாத்திரம் என்னிடம் இருக்கும் நாள்களில்கூட அவர் வெறுங்கையோடு வரமாட்டார். கடதாசியில் பொதிந்த இரண்டு பிஸ்கட்டாவது இருக்கும்.

அன்று ஒன்றுமில்லை. சப்பாத்தைக் கழற்றி, அதன் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"என் கணவர் ஒன்று சொன்னார்" என்றார். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில், இடையிடையே கொஞ்சம் பிரெஞ்சோடு.

"என்ன சொன்னார்?"

"என்னை நேசிப்பதாக."

நான் சிரித்துவிட்டேன். "நல்ல விஷயம்தானே. இத்தனை வருடத்துக்குப் பிறகு."

அவர் சிரிக்கவில்லை. "நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று சொன்னார். சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். நான் தண்ணீரை நிறுத்த மறந்துவிட்டேன்."

"ஆங்கிலத்திலா சொன்னார்?"

"இல்லை" என்றார். "ஜப்பானிய மொழியில்."

அது ஏன் அவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அப்போது எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அவர் கவலைப்பட்டிருக்கமாட்டாராம். இந்த ஊரில் அது 'போய்வருகிறேன்' என்பதுபோல. நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கில் இருக்கும் என் மகள் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பையும் 'லவ் யூ அம்மா' என்றுதான் முடிக்கிறாள். சில சமயம் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே இணைப்பைத் துண்டித்துவிடுவாள். ஆனால் ஜப்பானிய மொழியில் 'ஐஷிதெரு' என்ற அந்தச் சொல்லை மேல்வீட்டு அம்மா தன் தாய் தந்தை வாயிலிருந்து கேட்டதே இல்லை. கணவர் வாயிலிருந்தும் இல்லை. இளைஞர்கள் பழகத் தொடங்கும்போது 'சுகி', அதாவது பிடித்திருக்கிறது என்று நேருக்கு நேர் சொல்வது உண்டு. ஆனால் அது கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்பது. 'என்னோடு பழகுவாயா' என்ற கேள்வி அதன் பின்னாலேயே வந்துவிடும். கதவு திறந்த பிறகு சொல்வதற்கு எதுவும் இல்லை.

"அவரும் உங்களிடம் அப்படிக் கேட்டாரா?" என்றேன்.

"இல்லை. ரயிலில் ஒரு நாள் நான் இருமினேன். அடுத்த நாள் அதே பெட்டியில் என் பக்கத்து யன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். குளிர்காலம் முழுக்கச் சாத்தினார். அவ்வளவுதான்."

இவர்களுடைய வீட்டுக்குள் அன்பு எப்படி நடமாடும் என்பதை நான் பல வருடங்களாகக் கண்டிருக்கிறேன். மொரோக்கோவிலிருந்து சின்னத் தோடம்பழங்கள் மரப்பெட்டியில் வரும் காலத்தில், கணவர் பேப்பர் படிக்கும் மேசையில் ஒரு தட்டு இருக்கும். பழம் உரித்து, சுளையின் மேலுள்ள வெள்ளை நாரையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருப்பார் இந்த அம்மா. அவர் நன்றி சொல்லமாட்டார். ஆனால் கடைசி இரண்டு சுளைகளைத் தட்டிலேயே விட்டுவைப்பார். மீன் வாங்கினால் கொழுப்புள்ள வயிற்றுத் துண்டு அவர் தட்டில் விழும். சாப்பாட்டின் நடுவில் அது எப்படியோ இவர் தட்டுக்கு வந்துவிடும். கடுங்குளிர் நாளில், குலுக்கினால் சூடாகும் சிறு பொதி ஒன்று அவருடைய கோட்டுப் பையில் ஏற்கெனவே இருக்கும். அவர் வெளியே போகும்போது இவர் கேட்கும் கேள்விகள் எல்லாம் தொப்பியைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான்.

எங்கள் வீட்டுக் கூரை அவர்களுடைய தரை. அதனால் காலையில் அவர் உலாவப் புறப்படும்போது சொல்லிக்கொள்ளும் இரண்டு சொற்களும் எனக்குப் பாடம். 'இத்தெகிமாசு' என்பார் அவர்: போய்விட்டு வருகிறேன். 'இத்தெரஷ்ஷாய்' என்பார் இவர்: போய்விட்டு வாருங்கள். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்க விடமாட்டார்கள். 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லவேண்டும். அதனால் எனக்கு அந்தச் சொற்களை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

"ஆனால் அந்தச் சொல்லில் என்ன பயம்?" என்று கேட்டேன். "உண்மையைத்தானே சொன்னார்?"

அவர் தன் வெறும் உள்ளங்கைகளை மடியில் விரித்துப் பார்த்தார்.

"நீங்கள் ஊறுகாய்க்கு வடை தந்தீர்கள். தோடம்பழம் உரித்துவைத்தால் அவர் எனக்கு இரண்டு சுளை விடுவார். சின்னப் பொருளுக்குச் சின்னப் பதில். அது முடிவதில்லை, நாளைக்கும் ஒன்று இருக்கும். இதற்கு நான் என்ன திருப்பிக் கொடுப்பது? அதே அளவில் என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் மொழியில் இதைப் பாரம் என்போம். பையைப் பாரம் என்பது போலவே, ஆளையும் சொல்லையும் பாரம் என்போம்."

மேலும் சொன்னார்: "பேசாமல் இருக்கிறோம் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள். இத்தனை காலம் பேசாதவர் ஏன் பேசினார்? எதையோ முடிக்கிறார்."

பிறகு, எல்லா ஜப்பானியரும் இப்படி இல்லை என்றும், ஒசாகாவில் இருக்கும் தன் தங்கையின் மருமகன் தொலைபேசியிலேயே அதைத் தாராளமாகச் சொல்கிறான் என்றும், ஏதோ மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லிவிட்டு எழுந்தார். "ஆனால் இவர் அப்படிப்பட்டவர் இல்லை."

அவர் போனதும் எனக்கு ஒரு விளக்கம் தோன்றி மனம் இலேசானது. என் கணவர்தான் காரணமாயிருக்கவேண்டும். பெப்ரவரியில், காதலர் தினத்தன்று, மூலைக்கடையில் ஒரு ரோசாவை வாங்கிக்கொண்டு படியடியில் நின்று மேல்வீட்டுக்காரரைச் சீண்டியவர் அவர். ஜப்பானில் அன்றைக்குப் பெண்கள்தான் ஆண்களுக்குச் சொக்லேட் கொடுப்பார்கள், ஆண்கள் ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று மேல்வீட்டுக்காரர் பதில் சொல்லியிருந்தார். 'அப்ப ஒரு மாதம் கழிச்சாவது வாயைத் திறந்து சொல்லுங்கோ' என்று என் கணவர் விடாப்பிடியாக நின்றார். இப்போது கார்களுக்குக் குளிர்கால டயர் மாற்றும் காலம். இருவரும் முந்தின நாள் முழுக்கப் பின்சந்தில்தான் நின்றார்கள். அங்கேதான் மறுபடி ஏதும் சொல்லிக் கொடுத்திருப்பார்.

என் கணவர் வந்ததும் கேட்டேன்.

"என்னப்பா, மேல்வீட்டுக்காரருக்கு என்ன படிப்பிச்சனீங்கள்?"

"நான் என்னத்தைப் படிப்பிச்சன்?"

"மனிசியிட்டப் போய் நேசிக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார்."

"அட." அவர் கதிரையில் உட்கார்ந்து சிரித்தார். "கடைசியா வாயைத் திறந்திட்டார். அதுக்கு ஏன் உமக்கு முகம் இப்பிடி? நான் சொன்னா நீர் என்ன செய்வீர்?"

"காரை எங்க கொண்டுபோய் இடிச்சனீங்கள் எண்டு கேப்பன்."

"அது சரி."

"பகிடி விடாதேங்கோ. நேற்று டயர் மாத்தேக்க ஏதும் சொல்லிக் குடுத்தனீங்களோ?"

"இல்லையப்பா. நேற்று அந்த மனுசன் கதைக்கவே இல்லை." அவருடைய சிரிப்பு மெல்லக் குறைந்தது. "ஜாக்கியையும் நட்டுக் கழட்டுற சாவியையும் எனக்குத் தந்திட்டார். வச்சிருங்கோ எண்டார். வாற வருசம் உங்களுக்குத் தேவைப்படாதோ எண்டு கேட்டன். சிரிச்சவர்."

நான் தேநீர் போட்டேன். அது ஆறிப்போனது.

அன்று பின்னேரம் முழுக்க, அந்த இலையுதிர்காலத்தில் பார்த்தவற்றைத் திகதி வரிசையில் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில் மேல்வீட்டுக்காரர் மின்சாரப் பெட்டியின் ஒவ்வொரு விசைக்கும் பெரிய எழுத்தில் ஜப்பானியத்தில் பெயர் ஒட்டினார். 'எனக்குக் கண் தெரியவில்லை என்று நினைக்கிறார்' என்று அந்த அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஒக்டோபரில் வரும் நன்றி நவிலல் விடுமுறைக்கு அடுத்த வாரம் வீட்டுக் கத்திகள் எல்லாவற்றையும் சாணை பிடித்தார்; அடுப்பை நகர்த்திப் பின்புறம் துடைத்தார். அவர்களுக்கு வருடக் கடைசியில் செய்யும் பெரிய துப்புரவு ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் அது டிசம்பர் முடிவில் நடப்பதைக் கீழிருந்து கேட்டிருக்கிறேன். இந்த வருடம் ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அரிசி மூட்டைகளையும் அந்த மாதத்தில்தான் ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோனார். தனித்தனியாகப் பார்த்தால் இவையெல்லாம் உரித்த தோடம்பழம் போன்றவைதான். அந்தச் சொல்லை இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எல்லாமே வேறு முகம் காட்டின.

அப்போதுதான் படி நினைவுக்கு வந்தது. மொன்றியலின் பழைய வீடுகளைப் போல எங்கள் வீட்டுக்கும் மாடிப்படி வெளியே, இரும்பில். யார் ஏறினாலும் என் சமையலறைக்குக் கேட்கும். கோடை முடிவிலிருந்து அவர் ஏறும்போது பாதிப் படியில் காலடி நின்றுவிடும். சிறிது நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு மறுபடி தொடங்கும். முன்வாசல் மேப்பிள் மரத்தின் நிறம் மாறுவதைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த நாள், திங்கட்கிழமை காலை, அவர் உலாவப் போயிருந்த நேரம் பாத்திரத்தில் புட்டு வைத்துக்கொண்டு மேலே போனேன். அந்த அம்மா மேசையில் உட்கார்ந்திருந்தார். அரிசி மூட்டைகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. இரண்டு பேருக்கு அது அதிகம். ஒருவருக்கு எத்தனை காலம் வரும் என்ற கணக்கு என் தலைக்குள் தானாக ஓடியது. நிறுத்திக்கொண்டேன்.

நேரே கேட்க எனக்கு நா எழவில்லை. உங்கள் கணவருக்கு நெஞ்சு நோ இருக்கிறதா என்று ஒரு விருந்தாளி கேட்டால், அது அவருக்குத் தெரியாத ஒன்றை எனக்குத் தெரியும் என்று சொல்வதாகிவிடும். அதனால், "உங்கள் கணவருக்கு எங்கள் மேப்பிள் மரத்தை மிகவும் பிடிக்கும் போலிருக்கிறது" என்றேன். "ஏறும்போதெல்லாம் பாதிப் படியில் நின்று பார்க்கிறார்."

அவர் யன்னலுக்குத் திரும்பினார். மரம் எலும்பாக நின்றது.

"இலை ஒன்றும் இல்லையே" என்றார்.

"ஓம்" என்றேன், தமிழிலேயே.

அவர் பாத்திரத்தை வாங்கி வைத்தார். கதவு வரை வந்து என்னைவிடத் தாழக் குனிந்து வழியனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை அந்த அம்மா பின்னர் சொல்லித்தான் அறிந்தேன். கணவரிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் தேநீர் வைத்துவிட்டு, "சில நாளாகப் படி ஏறும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது. நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல இருக்கிறது. கிளினிக்குக்குப் போகலாமென்று பார்க்கிறேன். என் பிரெஞ்சு போதாது, கூட வருவீர்களா?" என்றாராம்.

கணவருடைய நோயைத் தன்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். கணவர் வெகு நேரம் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தன் மருத்துவ அட்டையையும் எடுத்துப் பையில் வைத்தார். இருவருக்கும் விளங்கிவிட்டது, இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நான் யன்னலால் பார்த்தேன். அவர் முன்னே மெதுவாக இறங்க, இவர் ஒரு படி பின்னே, கைப்பிடியைப் பிடிக்காமல், அவருடைய முதுகுக்கு நேரே கையை வைத்துக்கொண்டு, ஆனால் தொடாமல், இறங்கினார்.

காத்திருக்கும் அறையில் நிறைய நேரம் இருந்தார்களாம். பெயர் கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள். நோயாளி யார் என்று மருத்துவர் கேட்டார். இந்த அம்மா தரையைப் பார்த்தார். கணவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்து பார்த்த மருத்துவர் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆம்புலன்ஸ் அங்கேயே வந்தது. மூன்று இரத்தக்குழாய்கள் அடைத்திருந்தன. தன் நெஞ்சு சரியில்லை என்று கோடையிலிருந்தே அவருக்குத் தெரியும். அவருடைய தந்தையும் இதே வயதில் தூக்கத்திலேயே போனவராம். தானும் அப்படிப் போய்விட்டால் மனைவிக்குத் தொந்தரவு இராது என்று நினைத்திருக்கிறார். நெஞ்சைத் திறந்து செய்யவேண்டிய அறுவைச் சிகிச்சைக்கு வெள்ளிக்கிழமை நாள் வைத்தார்கள். அவருடைய வயதும் இழுத்தடித்த காலமும் நல்லதற்கில்லை என்று அறுவை மருத்துவர் சொன்னபோது நானும் கூட இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நானும் என் கணவரும் மருத்துவமனைக்குப் போனோம். வெளியே அந்த வருடத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது, தரையில் ஒட்டாமல். தள்ளுகட்டிலில் அவரைக் கொண்டுவந்து இரட்டைக் கதவு ஒன்றின் முன்னால் நிறுத்தினார்கள். அதற்கு அப்பால் குடும்பத்தார் போகமுடியாது. தாதி இளம் பெண். "இதில் எல்லோரும் ஒரு முத்தம் கொடுத்து, நேசிக்கிறேன் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அவசரமில்லை, மேடம்" என்று பிரெஞ்சில் மெல்லச் சொல்லி ஒதுங்கி நின்றாள்.

என் கணவருக்குத் தாங்கவில்லை. என் காதருகில், "இஞ்சரும், சொல்லச் சொல்லும். பிறகு சொல்லக் கிடைக்காட்டில் அந்த மனிசி எப்பிடித் தாங்கும்?" என்றார்.

"பேசாமல் இருங்கோ."

"அவர் சொன்னவர்தானே. ஒரு பதிலாவது..."

"பதில் சொன்னால் முடிஞ்சிரும்" என்றேன். எனக்கு அது அப்போதுதான் முழுதாக விளங்கியது. இவ்வளவு பெரிய சொல்லுக்கு அதே சொல்லைத் திருப்பிக் கொடுப்பவர் கணக்கை முடிக்கிறார். இவர் கணக்கை முடிக்க வரவில்லை.

அந்த அம்மா கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். போர்வையின் கீழே தெரிந்த ஒரு பாதத்தை மூடினார். "முள்ளங்கியை நேற்று உப்பில் போட்டேன்" என்றார். இதைப் பின்னர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். "கிறிஸ்துமஸுக்குப் பதமாகிவிடும். எனக்கு மூடியைத் திறக்க வராது."

அவருடைய கணவர் தலையை அசைத்தார். கட்டில் நகரத் தொடங்கியது.

"இத்தெரஷ்ஷாய்" என்றார் இவர், தினமும் மேல்வீட்டு வாசலில் நின்று சொல்லும் அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல்.

கதவு திறந்தது. பதில் வரவில்லை. கொடுத்த மருந்தில் கண் சொருகிப்போயிருந்தார். கதவு மூடும் நேரத்தில் உள்ளிருந்து ஏதோ கேட்டது. என் கணவர் கேட்டதாகச் சொல்கிறார். எனக்குக் கேட்கவில்லை. கேட்டதா என்று அந்த அம்மாவிடம் நான் கேட்டதில்லை.

மாலை இருட்டிய பிறகுதான் மருத்துவர் வெளியே வந்தார். தைத்து முடித்துவிட்டோம், ஆனால் இரத்தம் நிற்கவில்லை, மறுபடி திறக்கவேண்டியிருந்தது, இன்றும் நாளையும் போகட்டும் என்றார். அந்த இரண்டு நாளும் இந்த அம்மா அழவில்லை. மூக்குக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துத் துடைப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார்.

அவர் பிழைத்தார். டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தார். என் கணவரும் நானும் இருபக்கமும் நிற்க, படி ஏற வெகு நேரம் எடுத்தது. மேலே போய் உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஊறுகாய்ப் போத்தலின் மூடியைத் திறக்க முயன்றது. முடியவில்லை. என் கணவர்தான் திறந்தார். மேல்வீட்டுக்காரர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "உப்பு அதிகம்" என்றார். அந்த அம்மாவின் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு களை வந்ததைக் கண்டேன்.

புது வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் பாத்திரம் கொண்டுவந்தபோது அந்த அம்மா சொன்னார். "அன்றைக்குச் சொன்னதை மறந்துவிடு என்றார். சரி என்றேன்."

"மறந்துவிட்டீர்களா?"

"மறக்கிற சொல் இல்லை அது." சப்பாத்தைத் திருப்பி வைத்தார். "இப்போது அவர் சாப்பாடு நன்றாயிருக்கிறது என்று சொன்னாலும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. நல்ல வேளை, அதிகம் சொல்வதில்லை."

என் கணவர் அந்த ஜாக்கியையும் சாவியையும் மேலே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். ஏப்ரலில் கோடைக்கால டயர் போடும்போது இருவரும் மறுபடி பின்சந்தில் நின்றார்கள். வேலையெல்லாம் என் கணவர் செய்ய, அவர் ஒரு கதிரையில் உட்கார்ந்து பிழை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் படியில் அவர் இப்போதும் நிற்பார். இளைப்பாறித்தான் ஏறவேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. மேப்பிள் மீண்டும் இலை விட்டிருக்கிறது. பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது. இருந்தாலும் அந்தக் காலடி பாதியில் நின்றதும் மேல்வீட்டில் குழாய்த் தண்ணீர்ச் சத்தம் நிற்கும். கீழே நானும் கையிலிருக்கும் கத்தியை வைத்துவிடுவேன். அவர் மறுபடி ஏறத் தொடங்கும் வரை இரண்டு வீட்டிலும் எதுவும் அசைவதில்லை.